ரெஃபரன்ஸ் கவுண்டிங்கா, ட்ரேசிங்கா: எட்டு மதிப்பெண் கேள்விக்கு என்ன எழுதுவது

கம்பைலர் தாளிலோ புரோகிராமிங் மொழிகள் தாளிலோ சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இது: "ரெஃபரன்ஸ் கவுண்டிங், ட்ரேசிங் கார்பேஜ் கலெக்‌ஷன் இரண்டையும் ஒப்பிடுக. பெற்றோர் பாயின்டர் உள்ள மரத்தை வைத்து வேலை செய்யும் ஓர் எடிட்டருக்கு எதைத் தேர்வீர்கள், ஏன்?" எட்டு மதிப்பெண், ஒன்றரைப் பக்கம், பதினைந்து நிமிடம். நான் திருத்திய தாள்களில் பெரும்பாலானவற்றில் ஒரே பதில்தான் இருக்கும். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஆறு வரி, வலப்பக்கம் ஆறு வரி, கடைசியில் "எனவே ட்ரேசிங்கே சிறந்தது". அந்த ஆறு வரிகளில் தப்பு எதுவும் இருக்காது, ஆனால் ஒரு வரி ஏன் அடுத்த வரிக்குக் காரணமாகிறது என்பது எங்கேயும் இருக்காது. தேர்வு செய்யச் சொன்ன பாதிக்குக் காரணமே இல்லாத ஒற்றை வாக்கியம். பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போட எனக்கு மனசு வந்தாலும் தாளில் அதற்கு இடம் இருக்காது.

அட்டவணையை மறந்துவிட்டு ஒரே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸ் கவுண்டிங் ஒவ்வொரு ஆப்ஜெக்டிடமும் "உன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறது. ட்ரேசிங் வெளியில் இருந்து தொடங்கி "இங்கிருந்து உன்னை வந்தடைய முடியுமா?" என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு அந்த ஆப்ஜெக்டைப் பார்த்தாலே பதில் கிடைக்கும், இரண்டாவதற்கு மொத்த ஹீப்பையும் சுற்றி வந்தாக வேண்டும். மீதி எல்லா வேறுபாடும் இதிலிருந்துதான் வருகிறது. கிணற்றில் வாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாளிகள் ஒன்றோடொன்று கயிற்றால் கட்டப்பட்டு அடியில் கிடக்கின்றன. வாளியைப் பார்த்தால் அதில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, அதனால் யாரோ பிடித்திருப்பதாகத்தான் தோன்றும். மேலே ராட்டினத்திலிருந்து கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கினால்தான் அந்த இரண்டுக்கும் எந்தக் கயிறும் வரவில்லை என்று தெரியும். ராட்டினம்தான் இங்கே ரூட்: குளோபல் மாறிகள், ஸ்டாக்கில் உள்ள மாறிகள், ரெஜிஸ்டர்கள்.

இதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தானில் ரெஃபரன்ஸ் கவுண்டிங்தான் முதன்மை வேலை செய்கிறது, ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று வளையமாகப் பிடித்திருக்கும் சைக்கிளைப் பிடிப்பதற்குத் தனியாக ஒரு கலெக்டர் உண்டு. அந்தக் கலெக்டரை நிறுத்திவிட்டால் வெறும் எண்ணிக்கை எப்படி நடந்துகொள்கிறது என்று கண்ணாலேயே பார்க்க முடியும்.

```python
import gc
gc.disable()

class Node:
    def __init__(self, name):
        self.name = name
        self.parent = None
        self.child = None
    def __del__(self):
        print("போனது:", self.name)

a = Node("a")
b = Node("b")
a.child = b
b.parent = a      # இந்த வரிதான் விஷயம்
del a, b
print("-- del முடிந்தது --")
gc.collect()
```

முதலில் `b.parent = a` வரியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். `a` என்ற முனையை மாறி `a` மட்டும் பிடித்திருக்கிறது, எண்ணிக்கை 1. `b` முனையை மாறி `b`யும் `a.child`உம் பிடித்திருக்கின்றன, எண்ணிக்கை 2. `del a` ஆனதும் முதல் முனை 0 ஆகி அந்தக் கணமே போகிறது, போகும்போது தன் கையில் இருந்த `child`ஐயும் விடுகிறது, அதனால் இரண்டாவது முனை 2லிருந்து 1 ஆகிறது. `del b` அதையும் 0 ஆக்குகிறது. "போனது" என்ற இரண்டு வரிகளும் "del முடிந்தது" என்பதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

இப்போது அந்த வரியைத் திரும்பப் போடுங்கள். இரண்டு முனைகளுக்கும் எண்ணிக்கை 2. `del a, b` ஆனதும் இரண்டும் 1க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். திரையில் முதலில் "del முடிந்தது" வரும், `gc.collect()` ஓடிய பிறகுதான் முனைகள் போகும். புரோகிராமில் யாராலும் தொட முடியாத இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று 1, 1 என்று தாங்கிக்கொண்டு நினைவகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. "சைக்கிளைக் கையாளாது" என்று ஒரு வரி எழுதுவதைவிட இந்த 2, 2, பிறகு 1, 1 என்ற நான்கு எண்களை எழுதுங்கள். திருத்துபவருக்கு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இதே ஹீப்பில் மார்க் அண்ட் ஸ்வீப் ஓடினால்? ரூட்டில் தொடங்குகிறது, `a`, `b` மாறிகள் போய்விட்டதால் அந்த இரண்டு முனைகளுக்கும் வழியே இல்லை, மார்க் அங்கே போவதில்லை. ஸ்வீப் ஹீப் முழுக்க நடந்து குறி இல்லாததை எல்லாம் எடுத்துவிடுகிறது. சைக்கிளுக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ட்ரேசிங் குப்பையைத் தேடுவதே இல்லை, உயிரோடு இருப்பதைத் தேடுகிறது, மிச்சம் இருப்பது குப்பை. ரெஃபரன்ஸ் கவுண்டிங் இதற்கு நேர் எதிர்: செத்ததிலிருந்து தொடங்கி அது யாரை விட்டுவிட்டது என்று போகிறது. பேகன், செங், ராஜன் மூவரும் 2004ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதைத்தான் கணக்காகவே காட்டியது, இரண்டும் ஒரே வேலையை இரு முனைகளிலிருந்து செய்கின்றன என்று. இரண்டு முறைகளும் 1960ல் லிஸ்ப் போன்ற லிஸ்ட் செயலாக்கத்துக்காகவே வந்தவை, மார்க் செய்யும் முறை மெக்கார்த்தியுடையது, எண்ணும் முறை ஜார்ஜ் காலின்ஸுடையது. இந்த வரலாற்றுக்கு அரை வரி போதும், அதற்கு மேல் நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

சிபைத்தானின் சைக்கிள் கலெக்டர் செய்வதையும் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் இரண்டு கேள்விகளும் அதில் ஒன்று சேர்கின்றன. அது ரூட்டிலிருந்து தொடங்குவதில்லை. தான் பரிசோதிக்கும் ஆப்ஜெக்டுகளின் எண்ணிக்கைகளை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒன்று இன்னொன்றைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு பிடிக்கும் நகலில் ஒன்று கழிக்கிறது. நம் முனைகளுக்கு 1, 1. `b.parent`க்காக முதலாவதில் ஒன்று கழிந்து 0, `a.child`க்காக இரண்டாவதில் ஒன்று கழிந்து 0. வெளியிலிருந்து பிடிப்பவர் யாரும் இல்லை, இரண்டும் குப்பை. யாராவது ஒரு மாறியில் `b`யை இன்னும் வைத்திருந்தால் அதன் கணக்கு 1 என்று மிஞ்சும், அப்போது அதிலிருந்து ட்ரேஸ் செய்து அது பிடித்திருக்கும் `a`யையும் காப்பாற்றும். பைத்தானுக்கு இந்தக் கலெக்டர் 2.0 பதிப்பில், 2000ல்தான் வந்தது.

சரி, செலவுக்கு வருவோம். ரெஃபரன்ஸ் கவுண்டிங்கில் செலவு பாயின்டரை மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் இருக்கிறது. `p->next = q` என்ற ஒரு வரி உள்ளே இப்படி ஆகிறது:

```c
inc(q);
old = p->next;
p->next = q;
dec(old);      /* 0 ஆனால் விடுவி */
```

வரிசை மாறக் கூடாது. `dec` முதலில் வந்தால், `q`யும் பழைய `p->next`உம் ஒரே ஆப்ஜெக்டாக இருக்கும் நாளில் எண்ணிக்கை 0 ஆகி அது விடுவிக்கப்பட்டுவிடும், பிறகு செத்துப்போன ஒன்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருப்போம். இந்த ஒரு குறிப்பை எழுதிய மாணவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் எழுதியவர்களுக்கு அந்தப் பகுதி முழு மதிப்பெண்தான். இன்னொன்று, பல த்ரெட் ஓடினால் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் அட்டாமிக்காக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் கூட்டும்போது ஒரு கூட்டல் காணாமல் போகும், உயிரோடு இருக்கும் ஆப்ஜெக்ட் பின்னால் ஒருநாள் கைநழுவும். அட்டாமிக் செயல்கள் சாதாரணக் கூட்டலைவிட விலை அதிகம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் என்ற பூட்டு இல்லாமல் ஓடும் பைத்தான் 3.13 வடிவத்தில் இதற்காகவே ஆப்ஜெக்டை உருவாக்கிய த்ரெட்டுக்கு ஒரு சாதாரண எண்ணிக்கை, மற்றவர்களுக்குத் தனியாக ஒரு அட்டாமிக் எண்ணிக்கை என்று பிரித்திருக்கிறார்கள்.

ட்ரேசிங்கில் பாயின்டரை மாற்றும்போது அவ்வளவு வேலை இல்லை (கான்கரென்ட் கலெக்டரிலும் தலைமுறை பிரிக்கும் கலெக்டரிலும் ரைட் பேரியர் என்று கொஞ்சம் உண்டு), செலவு கலெக்‌ஷன் ஓடும்போது மொத்தமாக வருகிறது. அந்தச் செலவு எவ்வளவு என்பது ஹீப்பில் எவ்வளவு இடம் காலியாக விட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்கு எளியது. மார்க் செய்யும் செலவு உயிருள்ள செல்களின் எண்ணிக்கை, ஸ்வீப் செலவு ஹீப்பின் மொத்த அளவு, கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஹீப்பில் 1000 செல்கள், 250 உயிரோடு இருக்கின்றன என்று வையுங்கள். 250ஐ மார்க் செய்து, 1000ஐ ஸ்வீப் செய்து, 750 செல்களை மீட்கிறோம், மீட்ட ஒரு செல்லுக்குச் சுமார் 1.7 படிகள். அதே ஹீப்பில் 900 உயிரோடு இருந்தால் 1900 படிகள் நடந்து 100 செல்கள், ஒன்றுக்கு 19 படிகள். நினைவகம் நிரம்பி வழியும் நிலையில் ட்ரேசிங் ஏன் மூச்சு வாங்குகிறது என்பது இவ்வளவுதான். அதனால்தான் ட்ரேசிங் கலெக்டர்களுக்கு எப்போதும் தேவைக்கு மேல் இடம் வேண்டும். மேத்யூ ஹெர்ட்ஸும் எமரி பெர்கரும் 2005ல் ஜாவா புரோகிராம்களை வைத்து அளந்தபோது, ஐந்து மடங்கு நினைவகம் கொடுத்தால் நல்ல கலெக்டர் கையால் விடுவிப்பதற்கு இணையாக ஓடியது, இரண்டு மடங்கு மட்டும் கொடுத்தால் சராசரியாக 70 சதவீதம் வரை மெதுவானது.

எண்ணிக்கை முறைக்கு அந்த உபரி இடம் தேவையில்லை, செத்ததும் இடம் திரும்பிவிடுகிறது. இங்கேதான் பலர் ஒரு படி அதிகமாகப் போய் "எனவே ரெஃபரன்ஸ் கவுண்டிங்கில் நிறுத்தமே இல்லை" என்று எழுதுகிறார்கள். அது தப்பு. பத்து லட்சம் முனைகள் உள்ள ஒரு லிங்க்டு லிஸ்டின் தலையை விட்டுப் பாருங்கள். தலை 0, அது அடுத்ததை விட அது 0, அது அதற்கடுத்ததை விட அது 0, சங்கிலி முழுக்க அந்த ஒரே வரியில் சரிந்து விழும், அது முடியும் வரை புரோகிராம் அங்கேயே நிற்கும். எளிமையாக ரிகர்ஷனில் எழுதிய விடுவிப்பு என்றால் ஸ்டாக்கும் நிரம்பிவிடும். நிறுத்தம் வரும் இடத்தை நாம் ஊகிக்க முடியும் என்பதுதான் இதன் நன்மை.

எப்போது போகும் என்று தெரிவதற்கு நினைவகத்தைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு. சிபைத்தானில் ஒரு ஃபைலைத் திறந்து எழுதிவிட்டு மூடாமல் விட்டாலும், மாறி மறையும்போதே எண்ணிக்கை 0 ஆகி ஃபைல் மூடிவிடும். அதே கோடை ட்ரேசிங் செய்யும் இன்னொரு பைத்தான் வடிவமான பைபையில் ஓட்டினால் கலெக்‌ஷன் நடக்கும் வரை ஃபைல் திறந்தே கிடக்கும், எழுதியது டிஸ்க்குக்குப் போகாமல் பஃபரில் நிற்கலாம், லூப்பில் நிறைய ஃபைல் திறந்தால் இத்தனைக்கு மேல் திறக்க முடியாது என்று பிழை வரும். `with` போட்டு எழுதினால் இரண்டிலும் பிரச்சினை இல்லை. `with` இல்லாமல் பழகியவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டும் சேர்ந்தே தோற்கும் ஓர் இடமும் இருக்கிறது. ஒரு குளோபல் லிஸ்டில் ஆப்ஜெக்டுகளைச் சேர்த்துக்கொண்டே போய், பிறகு அவற்றைத் தொடவே இல்லை என்றால், எண்ணிக்கை 1, ரூட்டிலிருந்து வழியும் இருக்கிறது. இரண்டு முறைகளுமே அதை உயிருள்ளதாகத்தான் எடுத்துக்கொள்ளும். "ட்ரேசிங்கில் லீக் வராது" என்று எழுதாதீர்கள், "சைக்கிளால் வரும் லீக் வராது" என்று எழுதுங்கள்.

அப்புறம் தேர்வு. நடைமுறையில் ஒரு பெரிய நிறுவனம் இந்த முடிவை இரண்டு தடவை எடுத்தது, அதை ஒரு வரியில் சொன்னால் பதிலுக்கு எடை கூடும். ஆப்பிள் 2007ல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5ல் அப்ஜெக்டிவ் சிக்கு ட்ரேசிங் கலெக்டர் கொடுத்தது, 2011ல் கம்பைலரே கூட்டல் கழித்தலைச் செருகும் ஏஆர்சியை அறிவித்தது, 2012ல் 10.8 வந்தபோது அந்தக் கலெக்டரைக் கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது. ஐஃபோனில் அந்தக் கலெக்டர் வரவே இல்லை. ஸ்விஃப்ட் இன்றும் ஏஆர்சியில்தான் ஓடுகிறது. அங்கே சைக்கிளை உடைப்பது புரோகிராமரின் பொறுப்பு, அதற்கு `weak`, `unowned` என்ற இரண்டு சொற்கள்.

நம் எடிட்டருக்கு வருவோம். மரத்தில் குழந்தைக்குப் பெற்றோர் பாயின்டர் இருக்கிறது என்றதும் "சைக்கிள், எனவே ட்ரேசிங்" என்று பாய்ந்துவிடக் கூடாது. அந்தச் சைக்கிள் எங்கே வரும் என்று வடிவமைக்கும்போதே தெரியும், ஒரே ஒரு ஃபீல்டில்தான் வருகிறது. `parent`ஐ வீக் பாயின்டர் ஆக்கிவிட்டால் அது எண்ணிக்கையில் சேராது. வேரை விட்டதும் வேர் 0, குழந்தைகள் 0, மரம் முழுக்கப் போய்விடும். இங்கே ஒரு கண்ணி உண்டு: அன்டூ வரலாறு ஒரு குழந்தையை மட்டும் பிடித்திருக்கும்போது பெற்றோர் போய்விட்டால், அந்தக் குழந்தையின் `parent` காலியாகிவிடும், அதை அன்டூ கோடு எதிர்பார்த்திருக்க வேண்டும். அதே எடிட்டரில் வெளியார் எழுதும் பிளக்இன்கள் முனைகளில் கால்பேக்குகளை மாட்டலாம், அந்தக் கால்பேக்குகள் திரும்ப முனைகளையே பிடிக்கலாம் என்றால் கதை வேறு. சைக்கிள் எங்கே உருவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லா இடத்திலும் வீக் போடச் சொல்லிப் பிளக்இன் எழுதுபவர்களைக் கட்டுப்படுத்தவும் முடியாது. அப்போது ட்ரேசிங்தான், அல்லது சிபைத்தான் மாதிரி எண்ணிக்கையோடு ஒரு சைக்கிள் கலெக்டர்.

இதை எல்லாம் பதினைந்து நிமிடத்துக்குள் அடக்கினால் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> ரெஃபரன்ஸ் கவுண்டிங் ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் அதைச் சுட்டும் பாயின்டர்களின் எண்ணிக்கையை வைத்து, 0 ஆனதும் விடுவிக்கிறது. ட்ரேசிங் ரூட்களில் தொடங்கி அடையக்கூடியவற்றைக் குறித்துவிட்டு மீதியை விடுவிக்கிறது. முன்னது ஆப்ஜெக்ட் அளவில் முடிவெடுக்கிறது, பின்னது ஹீப் அளவில்.
>
> எ.கா.: `a.child = b`, `b.parent = a`. இரண்டின் எண்ணிக்கையும் 2. வெளி மாறிகள் போனதும் 1, 1. என்றும் 0 ஆகாது. ட்ரேசிங்கில் ரூட்டிலிருந்து வழி இல்லாததால் இரண்டும் போகும்.
>
> எண்ணிக்கையின் செலவு ஒவ்வொரு பாயின்டர் மாற்றத்திலும் வருகிறது, பல த்ரெட்களில் அட்டாமிக் ஆவதால் கூடுகிறது. மார்க் அண்ட் ஸ்வீப்பின் செலவு உயிருள்ள அளவும் ஹீப் அளவும் சேர்ந்தது. ஹீப் நிரம்ப நிரம்ப மீட்கும் ஒரு செல்லுக்கான செலவு ஏறுகிறது, ஆகவே உபரி நினைவகம் தேவை. எண்ணிக்கை முறை உடனே விடுவிக்கும், ஆனால் பெரிய கட்டமைப்பை விடும்போது அதிலும் நீண்ட நிறுத்தம் வரலாம்.
>
> இந்த எடிட்டருக்கு ரெஃபரன்ஸ் கவுண்டிங்கைத் தேர்கிறேன். சைக்கிள் `parent` ஃபீல்டில் மட்டுமே வருகிறது, அதை வீக் பாயின்டர் ஆக்கலாம். நினைவகம் உடனே திரும்பும். பிளக்இன்கள் தாறுமாறான பாயின்டர்களை வைக்கலாம் என்றால் ட்ரேசிங்கைத் தேர்வேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எந்த நிபந்தனை மாறினால் உங்கள் முடிவு மாறும் என்று சொல்கிறது அது, தேர்வு செய்யச் சொல்லும் கேள்வியில் நான் முதலில் தேடுவதும் அதைத்தான். கேள்வியில் எடிட்டருக்குப் பதிலாகப் பல கோர்களில் ஓடும் சர்வர், த்ரெட்களுக்கிடையே பகிரப்படும் கிராஃப் என்று வந்தால் முடிவை அப்படியே திருப்பிப் போடுங்கள், அட்டாமிக் செலவும் கணிக்க முடியாத சைக்கிளும் இரண்டு காரணங்கள். சின்ன நினைவகம் உள்ள கருவி என்று வந்தால் அந்த 1.7, 19 கணக்கை எழுதி எண்ணிக்கை முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.